ஐஸ் மீது இறக்கும் போர்-ஓவர் காபி: நீர்த்துப் போகாமலிருக்க எந்த அளவு சரி?

கூம்பு வடிவ ட்ரிப்பரில் காகித ஃபில்டர் வைத்து, பொடியின் மேல் வெந்நீரைக் கையால் ஊற்றி, இறங்கும் டிகாக்ஷனை அப்படியே கீழே இருக்கும் ஐஸின் மீது விழவைப்பது ஜப்பானிய முறை. சூடான தண்ணீர் காபியின் புளிப்பையும் மணத்தையும் நன்றாக இழுத்து வருகிறது, விழுந்த உடனே குளிர்வதால் அந்த மணம் ஆவியாகிப் போவதற்கு நேரம் கிடைப்பதில்லை. குளிர்ந்த நீரில் மணிக்கணக்கில் ஊறவைத்த காபியில் வராத துள்ளல் இதில் வருவதற்கு அதுதான் காரணம்.

ஆனால் வீட்டில் செய்து பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் சிக்குகிறார்கள்: காபி சப்பென்று இருக்கிறது. அதன்பின் எதை மாற்றுவது என்று தெரிவதில்லை. ஐஸைக் குறைக்க வேண்டுமா, வெந்நீரைக் குறைக்க வேண்டுமா, பொடியைக் கூட்ட வேண்டுமா? மூன்றுமே வேலை செய்யும் போலத் தோன்றும், மூன்றுக்கும் வேறு வேறு விலை உண்டு. அதைத்தான் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன். எல்லா வழிகளையும் ஒரே தட்டில் வைக்க, 20 கிராம் பொடி, சூடான காபி என்றால் 320 கிராம் தண்ணீர் என்ற வழக்கமான அளவையே (ஒன்றுக்குப் பதினாறு) அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, ஐஸ் உருகி முடிந்த பிறகு இருக்கும் திடம். அதாவது கோப்பையில் உள்ள திரவத்தில் எத்தனை சதவீதம் கரைந்த காபி. 1950-களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற வேதியியலாளரின் ஆய்விலிருந்து வந்த வரைபடம், 1.15 முதல் 1.35 சதவீதம் வரை நல்ல திடம் என்று குறிக்கிறது. அது சூடான காபிக்கானது. குளிர்ந்த பானத்தில் நாக்குக்குச் சுவை சற்று மங்கித்தான் தெரியும் என்பதால், அந்த எல்லையின் மேல்பக்கத்தை நோக்கிப் போவது நல்லது.

இரண்டாவது, பொடியிலிருந்து எவ்வளவு இறங்கியது. அதே வரைபடம் பொடியின் எடையில் 18 முதல் 22 சதவீதம் கரைந்து இறங்குவதைச் சரியான அளவாகச் சொல்கிறது. அதற்குக் கீழே போனால் புளிப்பு மட்டும் முன்னால் நிற்கும், இனிப்பு வராது. ஐஸ் காபியில் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஐஸுக்கு இடம் கொடுக்க வெந்நீரைக் குறைக்கிறோம். வெந்நீர் குறைந்தால் இறக்கமும் குறையும்.

மூன்றாவது, ஜாடியில் எந்த வெப்பநிலைக்கு வந்து நிற்கிறது. போதுமான அளவு குளிராத காபியைப் புது ஐஸ் மீது ஊற்றினால், அந்த ஐஸ் உருகிப் பாக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரும் உங்கள் கோப்பைக்குள்தான் வரும்.

நான்காவது, பொடிச் செலவு.

## ஐஸ் எவ்வளவு குளிர்விக்கும்

ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு 334 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க எடுக்க வேண்டியது ஏறக்குறைய 4.2 ஜூல். வகுத்துப் பார்த்தால், ஒரு கிராம் ஐஸ் உருகினால் ஒரு கிராம் தண்ணீர் சுமார் 80 டிகிரி குளிரும். ஃப்ரீஸரிலிருந்து மைனஸ் 18 டிகிரியில் எடுத்த ஐஸ் என்றால், பூஜ்யத்துக்கு ஏறுவதற்கே இன்னும் 38 ஜூல் போல உறிஞ்சிக்கொள்ளும்.

ட்ரிப்பரிலிருந்து சொட்டும் டிகாக்ஷன் சுமார் 80 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 5 டிகிரிக்குக் கொண்டுவர, டிகாக்ஷனின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஐஸ் உருகியாக வேண்டும். இதைத் தவிர்க்க வழியில்லை. முன்கூட்டியே அளந்து ரெசிபிக்குள் சேர்த்துவிட்டால் அது தண்ணீரின் ஒரு பகுதி, சேர்க்காவிட்டால் காபியைக் கெடுக்க வந்த கூடுதல் தண்ணீர்.

இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள். காபிப் பொடி தன் எடையைப் போல் இரு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 20 கிராம் பொடி என்றால் 40 கிராம் தண்ணீர் ஃபில்டரிலேயே தங்கிவிடும்.

## வழி 1: வழக்கம்போல் இறக்கி, பிறகு ஐஸ்

20 கிராம் பொடி, 320 கிராம் வெந்நீர், கீழே வருவது 280 கிராம். 20 சதவீதம் இறங்கியது என்றால் 4 கிராம் காபி கரைந்திருக்கும், திடம் 1.43 சதவீதம். அந்த வரைபடத்தின் எல்லையைவிடச் சற்றுக் கனம், ஆனாலும் சூடாகக் குடிக்க அருமையான காபி இது.

இதை ஐஸ் நிறைந்த கோப்பையில் ஊற்றினால், 5 டிகிரிக்கு வருவதற்குள் ஏறக்குறைய 225 கிராம் ஐஸ் உருகிவிடும். 505 கிராம் திரவத்தில் அதே 4 கிராம். திடம் 0.79 சதவீதம். பலரும் குறைசொல்லும் சப்பென்ற காபி இதுதான். பொடியிலும் இறக்கிய விதத்திலும் பிழையில்லை என்பதால்தான் காரணம் பிடிபடாமல் போகிறது. இந்த வழியைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு சூழ்நிலையும் தெரியவில்லை.

## வழி 2: மொத்தத் தண்ணீரில் 60 பங்கு வெந்நீர், 40 பங்கு ஐஸ்

அதே 320 கிராமைப் பிரிக்கிறோம். வெந்நீர் 190, ஐஸ் 130. ஃபில்டர் 40 கிராமைப் பிடித்துக்கொள்ள, ஐஸ் மீது விழுவது 150 கிராம் டிகாக்ஷன். 130 கிராம் ஐஸும் ஏறக்குறைய முழுவதும் உருகி, ஜாடியின் சூட்டையும் சேர்த்துப் பார்த்தால் காபி 5 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மொத்தம் 280 கிராம். சூடான காபியில் கிடைத்த அதே எடை.

இந்த அளவின் அழகு என்னவென்றால், ஐஸ் உருகி முடிவதும் காபி குளிர்ந்து முடிவதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஜாடியில் மிச்ச ஐஸும் இல்லை, மிச்சச் சூடும் இல்லை. இதைப் புது ஐஸ் மீது ஊற்றினால் அந்த ஐஸில் உடனே உருகுவது 15 கிராம் அளவுதான். அதன் பிறகு உருகுவது அறையின் வெப்பத்தால், மெதுவாக.

இதன் மறைமுக விலை இறக்கத்தில் இருக்கிறது. 20 கிராம் பொடியின் வழியே 320 கிராமுக்குப் பதில் 190 கிராம் வெந்நீர்தான் போகிறது. சூடான காபிக்கு அரைக்கும் அதே அளவில் அரைத்தால் இறக்கம் 16 சதவீதத்துக்குக்கூட விழலாம். அப்போது 3.2 கிராம்தான் கரையும், திடம் 1.14 சதவீதம். ஐஸைக் கச்சிதமாக அளந்தும் காபி மெலிந்து, புளித்து நிற்கும். அரைப்பைச் சற்று நைஸாக்கி, தண்ணீரைக் கொதிநிலைக்கு நெருக்கமாக வைத்து 18 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 3.6 கிராம், திடம் 1.29. வித்தியாசம் அரை கிராமுக்கும் கீழே, ஆனால் நாக்குக்கு அது நன்றாகத் தெரியும்.

செய்முறை இப்படி. ஜாடியைத் தராசில் வைத்து 130 கிராம் ஐஸை அளந்து போடுங்கள். காகித ஃபில்டரை நனைப்பதாக இருந்தால் வேறொரு பாத்திரத்தின் மேல் வைத்து நனையுங்கள், அந்த வெந்நீர் ஐஸில் விழுந்தால் கணக்கே போயிற்று. பொடியைப் போட்டு, 95 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் முதலில் 50 கிராம் ஊற்றி, பொடி முழுதும் நனைந்ததா என்று பார்த்து, முக்கால் நிமிடம் ஊறவிடுங்கள். சூடான காபிக்கு விடுவதைவிட இது சற்று நீண்ட நேரம். வெந்நீர் குறைவாக இருப்பதால் இந்த ஊறலைத்தான் நாம் நம்பியிருக்கிறோம். பிறகு 70 கிராம், அது பாதி இறங்கியதும் இன்னொரு 70 கிராம். மெதுவாக, சுற்றிச் சுற்றி. இரண்டரை நிமிடம் வாக்கில் இறங்கி முடிந்தால் அரைப்பு சரி. ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டால் இன்னும் நைஸாக அரைக்க வேண்டும். கடைசியில் ஜாடியை நன்றாகச் சுழற்றிக் கலக்குங்கள். கலக்காவிட்டால் தண்ணீரும் கடும் டிகாக்ஷனுமாக அடுக்கு பிரிந்து கிடக்கும்.

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: தினமும் ஒரு கோப்பை, நடுத்தர வறுவல், பால் சேர்க்காமல்.

## வழி 3: 70 பங்கு வெந்நீர், 30 பங்கு ஐஸ்

"ஐஸைக் குறைத்தால் நீர்த்துப் போகாது" என்று தோன்றுவது இயல்பு. வெந்நீர் 225, ஐஸ் 95. இறக்கம் கூடும். 19 சதவீதம் என்று வைத்தால் 3.8 கிராம், ஜாடியில் திடம் 1.36. ருசித்துப் பார்த்தால் வழி 2-ஐ விடக் கனமாகவே இருக்கும்.

ஆனால் 95 கிராம் ஐஸால் 185 கிராம் டிகாக்ஷனைக் குளிர்விக்க முடியாது. ஐஸ் முழுவதும் உருகிய பிறகும் காபி 22 டிகிரியில் நிற்கும். குளிர்ந்த காபி என்று அதைச் சொல்ல முடியாது. கோப்பையில் புது ஐஸ் போட்டு ஊற்றும்போது இன்னும் 50 கிராம் உருகி, 330 கிராம் திரவமாகி, திடம் 1.15-க்கு இறங்கிவிடும். வழி 2 புது ஐஸ் மீது 1.22-ல் நிற்கிறது. குறைவான ஐஸில் தொடங்கியது கடைசியில் அதிகம் நீர்த்துப் போகிறது. ஜாடியில் ருசித்த காபிக்கும் கோப்பையில் குடிக்கும் காபிக்கும் இடையில் நடக்கும் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாததால், பலர் மறுபடி ஐஸைக் குறைத்து நிலைமையை மேலும் மோசமாக்கிக்கொள்கிறார்கள்.

இந்த வழி பொருந்தும் இடம் ஒன்று உண்டு: மிக இளம் வறுவல் கொட்டை. அதிலிருந்து காபி இறங்குவது கடினம், வெந்நீர் அதிகம் கேட்கும். அப்போது 70–30-ல் இறக்கி, ஜாடியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பிறகு ஐஸ் மீது ஊற்றலாம். காத்திருக்கப் பொறுமை வேண்டும், உடனே குளிர்விப்பதால் நிற்கும் மணமும் ஓரளவு போகும்.

எதிர்ப்பக்கம் 50–50 பிரிப்பதையும் சிலர் செய்கிறார்கள். 160 கிராம் வெந்நீரில் 20 கிராம் பொடி சரியாக இறங்காது, ஐஸும் முழுதாக உருகாது. முதல் மிடறு கடுமையாகவும் கடைசி மிடறு தண்ணீராகவும் இருக்கும். அதற்கு மேல் அதில் பார்க்க ஒன்றுமில்லை.

## வழி 4: 60–40, ஆனால் பொடி கூடுதல்

பொடியை 25 கிராமாக்கி, வெந்நீர் 190, ஐஸ் 130 என்று அப்படியே விடுகிறோம். ஃபில்டர் பிடித்துக்கொள்வது 50 கிராம், கோப்பைக்கு வருவது 270 கிராம்.

பொடி 25 சதவீதம் கூடிவிட்டது, ஆனால் கோப்பையில் காபி அவ்வளவு கூடாது. அதே வெந்நீர் அதிகப் பொடியின் வழியே போவதால் இறக்கம் 16.5 சதவீதம் வாக்கில் நிற்கும். கரைவது 4.1 கிராம். வழி 2-இல் 3.6 கிடைத்தது. கால் பங்கு கூடுதல் பொடி போட்டு ஏழில் ஒரு பங்குதான் கூடுதல் காபி கிடைத்திருக்கிறது. மிச்சம் ஃபில்டரோடு குப்பைக்குப் போகிறது. பொடி உயரம் கூடுவதால் நீரும் மெதுவாக இறங்கும். அதனால் இறக்கத்தைச் சரிக்கட்ட அரைப்பை நைஸாக்கவும் ஓரளவுக்கு மேல் முடியாது, ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

ஆனாலும் இதற்கு உண்மையான இடம் உண்டு. திடம் 1.5 சதவீதம் வருகிறது. ஐஸ் நிறைந்த உயரமான கோப்பையில் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கிறவர்களுக்கு இதுதான் சரி. 100 கிராம் ஐஸ் உருகிய பிறகும் இது 1.1-ல் நிற்கும், வழி 2 அந்த நேரத்தில் 0.95-க்கு வந்திருக்கும். பால் சேர்க்கிறவர்களுக்கும் இதுவே. பால் சேர்த்தால் இறக்கக் குறைவின் புளிப்பும் அவ்வளவு உறுத்தாது.

25-க்கு ஒரேயடியாகத் தாவ வேண்டாம் என்பது என் எண்ணம். முதலில் 22 கிராம் போட்டுப் பாருங்கள். அங்கே அரைப்பை நைஸாக்க இன்னும் இடம் இருக்கும்.

## வழி 5: சூடாக இறக்கி, வெளியே ஐஸ் வைத்துக் குளிர்விப்பது

வழி 1-ன் 1.43 சதவீதக் காபியை எஃகுப் பாத்திரத்தில் பிடித்து, ஐஸும் தண்ணீரும் கலந்த பெரிய கிண்ணத்தில் வைத்துக் கிண்டிக் குளிர்விப்பது. ஒரு சொட்டு ஐஸ் நீரும் கலக்காது, இறக்கமும் முழுமை. 20 கிராம் பொடி போடும் வழிகளில், எண்களை மட்டும் பார்த்தால் இதுவே எல்லாவற்றையும் வெல்கிறது.

ஆனால் 200 கிராமுக்கு மேல் ஐஸ் கிண்ணத்தில் உருகி வீணாகிறது, கூடவே பல நிமிடங்கள் ஆகின்றன. அந்த நேரத்தில் மணம் கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஐஸ் மீது நேரடியாக இறக்குவதன் நோக்கமே அதைத் தடுப்பதுதான். விலையுயர்ந்த இளம் வறுவலுக்கு எப்போதாவது செய்யலாம். கண்ணாடி ஜாடியில் இதைச் செய்யாதீர்கள், சூட்டில் இருக்கும் சாதாரணக் கண்ணாடி ஐஸ் நீரில் விரிசல் விட்டுவிடும்.

## பக்கத்தில் பக்கத்தில்

| வழி | பொடி | வெந்நீர் | ஐஸ் | ஜாடியில் வெப்பம் | ஜாடியில் திடம் | புது ஐஸ் மீது, 5 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ திடம் |
|---|---|---|---|---|---|---|
| 1. இறக்கிப் பிறகு ஐஸ் | 20 | 320 | அளக்காமல் | சூடு | 1.43% | 0.79% |
| 2. 60–40, நைஸ் அரைப்பு | 20 | 190 | 130 | 5° | 1.29% | 1.22% |
| 3. 70–30 | 20 | 225 | 95 | 22° | 1.36% | 1.15% |
| 4. 60–40, கூடுதல் பொடி | 25 | 190 | 130 | 3° | 1.5% | 1.44% |
| 5. வெளியே குளிர்விப்பு | 20 | 320 | வெளியே | 5° | 1.43% | 1.36% |

எடைகள் கிராமில். இறக்க சதவீதத்தை நான் இப்படி எடுத்துக்கொண்டு கணக்கிட்டேன்: வழி 1, 5-க்கு 20, வழி 2-க்கு 18, வழி 3-க்கு 19, வழி 4-க்கு 16.5. உங்கள் கொட்டையும் அரைப்பும் இவற்றைச் சற்று முன்பின் நகர்த்தும், ஆனால் வழிகளுக்கு இடையிலான வரிசை பெரிதாக மாறாது.

## சப்பென்று இருந்தால், காரணம் ஐஸா அரைப்பா?

இரண்டு கோளாறுகளும் ஒரே மாதிரி "தண்ணியாக" தெரிவதுதான் சிக்கல். பிரித்தறிய முதல் வழி தராசு. இறக்கிக் கலக்கிய பின், உருகாமல் இருக்கும் ஐஸை வடிகட்டிவிட்டுத் திரவத்தை மட்டும் எடைபோடுங்கள். வழி 2-இல் 280 கிராமுக்குப் பக்கத்தில் இருந்தால் தண்ணீர்க் கணக்கு சரி, பிழை அரைப்பிலோ வெந்நீரின் சூட்டிலோ இருக்கிறது. 310, 320 என்று காட்டினால் எங்கோ கூடுதல் தண்ணீர் நுழைந்திருக்கிறது.

இந்த எடையில் பிடிபடாத இன்னொரு காரணம் ஈர ஐஸ். வெளியே சிறிது நேரம் கிடந்த ஐஸ்கட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீர் தராசில் எடை காட்டும், குளிர்விக்காது. ஐஸ் என்று நினைத்து 130 கிராம் போட்டதில் 15 கிராம் தண்ணீராக இருந்தால், காபி அதே அளவு நீர்த்தும் போகும், சற்று சூடாகவும் நிற்கும். அந்தச் சூடு பிறகு கோப்பை ஐஸை உருக்கும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த உடனே அளந்து போட்டு, அதன் பிறகு தண்ணீரைச் சூடாக்கத் தொடங்காமல், தண்ணீர் கொதித்த பிறகு ஐஸை எடுங்கள். கோப்பையில் ஏறக்குறைய பாதி அந்த ஐஸ்தான் என்பதால், ஃப்ரீஸரில் திறந்து கிடந்து வேறு வாசனை ஏறிய ஐஸும் வேண்டாம்.

இரண்டாவது வழி நாக்கு. நீர்த்துப் போன காபியில் இனிப்பு, புளிப்பு, கசப்பு எல்லாம் அதனதன் விகிதத்தில் இருக்கும், தூரத்தில் கேட்பது போல மங்கலாக இருக்கும். இறக்கம் குறைந்த காபியில் புளிப்பு கூர்மையாக முன்னால் நிற்கும், விழுங்கிய உடனே சுவை அறுந்துவிடும். முதலாவதற்கு ஐஸ் அளவைத் திருத்துங்கள் அல்லது வழி 4-க்குப் போங்கள். இரண்டாவதற்குப் பொடியைக் கூட்டினால் புளிப்புதான் கூடும், அரைப்பை நைஸாக்குவதே மருந்து. கசப்போடு நாக்கு வறண்டால் நைஸாக்கியது அதிகமாகிவிட்டது, ஒரு படி பின்னால் வாருங்கள்.

கரும் வறுவல் கொட்டைக்கு இந்தத் திருத்தமே தேவைப்படாமல் போகலாம். அது எளிதில் இறங்கும், வழி 2-இல் சூடான காபிக்கான அரைப்பையே வைத்து, வெந்நீரை 90 டிகிரிக்கு இறக்கினால் போதும். இரண்டு பேருக்கு என்றால் எல்லா அளவையும் இரட்டிப்பாக்கி, அரைப்பை மட்டும் சற்றுக் கொரகொரப்பாக வையுங்கள். பொடி உயரம் கூடும்போது நீர் தானாகவே அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்.